260 பேர் உள்ள ஹாலில் முதல் வணக்கம்: எப்படித் தொடங்குவது?

இளவேனில் | வெள்ளி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இதுவரை அறுபது பேர் உள்ள வகுப்புகளுக்குத்தான் போயிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை முதலாமாண்டுக்கு முதல் வகுப்பு. புதுக் கட்டடத்தில் வேலை முடியாததால் நான்கு பிரிவுகளையும் செமினார் ஹாலில் ஒன்றாக உட்கார வைத்து, முதல் மூன்று வாரம் என்னை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 260 பேர்.

பாடம் தயாராக இருக்கிறது. நான் கேட்பது அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களைப் பற்றி. உள்ளே போனதும் 260 பேரும் எழுந்து "குட் மார்னிங் மேம்" என்பார்கள். அப்புறம்? என் குரல் மெல்லியது. பாதிப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தமிழில் வணக்கம் சொல்வதா, ஆங்கிலத்திலா? மேடையில் நின்றா, கீழே இறங்கியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சொற்கொண்டல் | வெள்ளி இரவு 10:05

வாழ்த்துகள் சகோதரி. வரவேற்புரையில் வரிசை முக்கியம். முதலில் தாளாளர், அடுத்து முதல்வர், சிறப்பு விருந்தினர், துறைத் தலைவர்கள், பிறகு பெற்றோர், கடைசியில் மாணவர்கள். யார் பெயரையும் விட்டுவிடாதீர்கள். பெயர்களை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறளோடு தொடங்கினால் அரங்கம் உடனே அமைதியாகிவிடும். எங்கள் ஊர்க் கல்லூரித் தொடக்க விழாக்களில் பத்து வருடமாக நான்தான் வரவேற்புரை சொல்கிறேன்.

இளவேனில் | வெள்ளி இரவு 10:11

நன்றி ஐயா. ஆனால் இது தொடக்க விழா இல்லை. விழா போன வாரமே முடிந்துவிட்டது. இது நேரடியாக வகுப்பு. ஹாலில் நானும் மாணவர்களும் மட்டும்தான் இருப்போம்.

பயிற்சியாளர் முரளி | வெள்ளி இரவு 10:48

முதல் முப்பது நொடிதான் எல்லாமே. ஹார்வர்டில் நளினி அம்பாடி 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிவிட்டது. ஆசிரியர்கள் பாடம் எடுக்கும் வீடியோவிலிருந்து முப்பது நொடியைச் சத்தமே இல்லாமல் அந்நியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண், செமஸ்டர் முடிவில் மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணோடு நெருக்கமாக ஒத்துப்போனது. ஆகவே முதல் முப்பது நொடியில் மாணவன் உங்களைப் பற்றி முடிவு செய்துவிடுவான். நிமிர்ந்த நடை, சிரித்த முகம், கண்ணோடு கண் பார்ப்பது. என்ன சொல்கிறீர்கள் என்பது இரண்டாம்பட்சம்.

தேன்மொழி_உளவியல் | வெள்ளி இரவு 11:20

முரளி சார், ஆய்வு நீங்கள் சொன்னதுதான். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த முப்பது நொடி, முதல் நாளின் முதல் முப்பது நொடி இல்லை. ஒரே வகுப்பின் தொடக்கம், நடு, இறுதி என்று மூன்று இடங்களில் பத்துப் பத்து நொடியாக வெட்டி எடுத்தது. ஆசிரியர்கள் பதின்மூன்று பேர்தான். அதோடு, ஒத்துப்போனது மாணவர்களுக்கு அந்த ஆசிரியரைப் பிடித்ததா என்பதோடு. பாடம் புரிந்ததா என்று அங்கே அளக்கவில்லை.

ஆக அந்த ஆய்வு சொல்வது, ஒருவர் வகுப்பில் வழக்கமாக எப்படி இருக்கிறாரோ அது ஒரு சிறு துண்டிலும் தெரிந்துவிடுகிறது என்பதுதான். முதல் அரை நிமிடத்தில் தடுமாறினால் செமஸ்டரே போச்சு என்று அதற்கு அர்த்தம் இல்லை. இளவேனில், இதை நம்பிப் பதற்றத்தோடு போகாதீர்கள்.

பயிற்சியாளர் முரளி | வெள்ளி இரவு 11:31

மூன்று துண்டு என்பது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் தோற்றத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் நினைக்க மாட்டேன். முதல் நாள் பிடித்துப்போன வாத்தியாரின் பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சனி காலை 6:15

அம்மா இளவேனில், முப்பத்தொரு வருடம் முதலாமாண்டுக்கு வேதியியல் எடுத்தவன். பெரிய ஹாலும் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அறுபது பேர் வகுப்பில் வணக்கம் என்பது மரியாதை. 260 பேர் ஹாலில் அது ஒரு சோதனையும்கூட. உங்கள் குரல் கடைசி வரிசைக்குப் போகிறதா, உங்கள் பேச்சு அவர்களுக்குப் புரிகிறதா, இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் பாடத்தின் முதல் வரியைச் சொல்லலாம். நாம் என்ன செய்கிறோம்? "பின்னால கேக்குதா?" என்று கேட்கிறோம். "கேக்குது மேம்!" என்று பெரிய சத்தம் வருகிறது, திருப்தியாகி விடுகிறோம். அந்தச் சத்தம் முன்னால் இருக்கும் எட்டு வரிசையிலிருந்து வந்தது. கேட்காதவனுக்குக் கேள்வியே போய்ச் சேரவில்லை, அவன் எப்படிக் கேட்கவில்லை என்று சொல்வான்? கேள்வி காதில் விழுந்தவன் மட்டும் பதில் சொல்லும் கேள்வி அது. என் முதல் ஏழெட்டு வருடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் தேர்வு மேற்பார்வைக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றபோது, முன்னால் அறிவிப்பு வாசித்தவர் பேசியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவர் "கேக்குதா?" என்றார். முன்வரிசை "கேக்குது" என்றது.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். வணக்கம் சொல்வேன். அடுத்த வாக்கியம்: "கடைசி மூன்று வரிசையில் இருக்கிறவர்கள் மட்டும் வலது கையைத் தூக்குங்கள்." சொன்னதைக் காதில் வாங்கியவன் தூக்குவான், வாங்காதவன் சும்மா இருப்பான். எங்கே கை எழவில்லையோ அங்கே கேட்கவில்லை. ஹாலின் வரைபடம் கண்முன் வந்துவிடும். ஆனால் உடனே அடுத்த வார்த்தைக்குப் போகக் கூடாது. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தூக்குபவனும் உண்டு. அவன் கை ஒரு நொடி தாமதமாக எழும். அதையும் கவனியுங்கள்.

இன்னொன்று, அவர்கள் எழுந்து நிற்பது. 260 பேர் எழுந்து உட்கார்ந்தால் பெஞ்சுச் சத்தம், பைச் சத்தம், நாற்காலி மடங்கும் சத்தம் எல்லாம் அடங்கக் கால் நிமிடம் ஆகும். பெரும்பாலானவர்கள் "சிட் டவுன்" என்ற கையோடு தங்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் பெயர் போய்விடும், மூன்றாவது வாரம் வரை "பிசிக்ஸ் மேம்" என்றே கூப்பிடுவார்கள். உட்காரச் சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். கடைசி நாற்காலியின் சத்தம் அடங்கட்டும். அப்புறம் பேசுங்கள்.

வடவேங்கடம் | சனி காலை 8:02

எழுந்து நிற்பதையே நிறுத்தச் சொல்லலாமே? இது பள்ளிக்கூடம் இல்லை. பதினெட்டு வயது ஆனவர்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சனி காலை 8:20

முதல் நாளே நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது தம்பி. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அன்பாகச் செய்வதை, வந்தவுடன் வேண்டாம் என்றால் சில பிள்ளைகளுக்குத் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் தோன்றும். இரண்டாவது வாரம் சொல்லுங்கள்.

வடவேங்கடம் | சனி காலை 8:26

நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். இதில் நமக்குள் கருத்து ஒத்துப்போகாது என்று நினைக்கிறேன் சார்.

மைக்செட்_மாரி | சனி காலை 9:10

மேடம், நான் ஒலிபெருக்கித் தொழிலில் இருப்பவன். கல்யாண மண்டபம், கல்லூரி விழா எல்லாம் செய்கிறேன். உங்களுக்கு எந்த மைக் கொடுக்கப் போகிறார்கள்? காலர் மைக்கா, கையில் பிடிக்கும் கார்ட்லெஸ்ஸா?

இளவேனில் | சனி காலை 9:15

இரண்டும் இருக்கிறது. கரும்பலகையில் எழுத வேண்டும் என்பதால் காலர் மைக் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புடவையில்தான் வருவேன்.

மைக்செட்_மாரி | சனி காலை 9:34

அப்படியானால் முதல் நாள் காலர் மைக் வேண்டாம். மூன்று தொந்தரவு வரும். முந்தானையில் குத்தினால் மைக் இடது தோள் பக்கம் போய்விடும், நீங்கள் வலது பக்கம் திரும்பிப் பேசும்போதெல்லாம் சத்தம் இறங்கும். துணி உரசும் சரசரப்பு பாக்ஸில் பெரிதாகக் கேட்கும். கழுத்தில் செயின் இருந்தால் அது மைக்கில் இடித்து டொக் டொக் என்று வரும். இவை எதுவும் பேசுகிறவருக்குத் தெரியாது, கேட்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். மென்மையான குரல் என்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருப்பதால் ஆபரேட்டர் சத்தத்தை ஏற்றுவார். ஏற்ற ஏற்ற ஊளை வரும்.

கையில் பிடிக்கும் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மைக்கில் அடித்து டும் டும் என்று இடிக்கும். 'வணக்கம்' நல்ல முதல் வார்த்தை, 'வ' காற்றை அடிக்காது. சாய்க்காமல் பிடித்துக்கொண்டு 'புதிய பருவத்துக்கு' என்று தொடங்கினால் முதல் வார்த்தையே பாக்ஸில் இடிக்கும்.

ஊளை வந்தால் பலர் மைக்கின் தலையைக் கையால் பொத்துவார்கள். அது இன்னும் மோசமாக்கும். அந்த மைக் முன்பக்கச் சத்தத்தை மட்டும் வாங்கும்படி செய்யப்பட்டது. வலைக்குப் பின்னால் இருக்கும் துளைகளை மூடினால் எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பித்துவிடும். பொத்தாமல், பாக்ஸ் இருக்கும் திசையிலிருந்து தள்ளி நடங்கள். பாக்ஸுக்கு முன்னால் போகவே போகாதீர்கள். கடைசியாக, பேட்டரி. ஞாயிறு விழாவில் போட்ட பேட்டரியையே திங்கட்கிழமை கொடுப்பார்கள். இரண்டு புது பேட்டரி பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளவேனில் | சனி காலை 9:41

மிக்க நன்றி அண்ணா. இன்று கல்லூரி உண்டு. மதியம் ஹாலுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்துவிடுகிறேன்.

கணியன்_கட்டடக்கலை | சனி காலை 10:30

போய்ப் பாருங்கள், ஆனால் காலி ஹாலில் கேட்பதை நம்பிவிடாதீர்கள். திங்கட்கிழமை அது வேறு ஹாலாக இருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை ஹாலில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அந்த எதிரொலி அடங்க ஐந்தரை நொடி ஆனது. அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து சொற்கள் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்து வந்து, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. மனித உடம்பும் மெத்தையைப் போலவே ஒலியை உறிஞ்சும் என்பதும் அதில் அளந்து தெரிந்தது. அறை ஒலியியலே விரிவுரை கேட்காத ஒரு ஹாலில்தான் பிறந்தது.

உங்கள் ஹாலின் அளவைச் சொன்னால் உத்தேசமாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

இளவேனில் | சனி மதியம் 2:50

காலடியில் அளந்தேன். நீளம் சுமார் 18 மீட்டர், அகலம் 14, உயரம் 5 இருக்கும். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலி. திரைச்சீலை இல்லை. பேசினால் கோயில் மண்டபத்தில் பேசுவதுபோல் இருக்கிறது. ஆபரேட்டர் "மேடம், எதிரொலிக்குது, சத்தத்தைக் குறைச்சு வைக்கிறேன்" என்று குறைத்துவிட்டார்.

கணியன்_கட்டடக்கலை | சனி மதியம் 3:25

நான் பயந்தது இதுதான். பெருக்கினால் 1260 கனமீட்டர். சபைனின் சூத்திரப்படி அடங்கும் நேரம், கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஹாலின் மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வரும். வெறும் டைல்ஸும் பூச்சும் என்பதால் காலி ஹாலின் உறிஞ்சும் பரப்பை 70 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். 203-ஐ 70-ஆல் வகுத்தால் 2.9 நொடி. உங்களுக்கு மண்டபம்போல் கேட்டதற்குக் காரணம் இது.

திங்கட்கிழமை 260 பேர் உட்காருவார்கள். ஒருவர் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார் என்று வைத்தால் கூடுதலாக 117. மொத்தம் 187. இப்போது 1.1 நொடிக்குக் கீழே வந்துவிடுகிறது. பேச்சுக்கு இது பரவாயில்லை, ஒரு நொடிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. எண்கள் துல்லியமானவை இல்லை, ஆனால் திசை இதுதான்: ஆட்கள் நிரம்பினால் எதிரொலி குறையும், அதே சமயம் உங்கள் குரலும் சேர்ந்து உறிஞ்சப்படும், 260 பேரின் முணுமுணுப்பும் மின்விசிறிச் சத்தமும் கூடும். காலி ஹாலுக்குச் சரியாகக் குறைத்த சத்தம் திங்கட்கிழமை பின்வரிசைக்குப் போதாது. ஆபரேட்டரைக் காலையில் ஹாலிலேயே இருக்கச் சொல்லுங்கள். ஐயா சொன்ன கைதூக்கும் சோதனையின்போது அவர் சத்தத்தை ஏற்றட்டும்.

மைக்செட்_மாரி | சனி மதியம் 3:40

கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் விஷயம் உண்மை. மண்டபம் காலியாக இருக்கும்போது செட் செய்துவிட்டுப் போனால் முகூர்த்த நேரத்தில் யாருக்கும் கேட்காது. நான் எப்போதும் கூட்டம் வந்த பிறகு ஒரு சுற்று வருவேன். மிக்ஸரில் பாஸைக் குறைக்கச் சொல்லுங்கள் மேடம். இப்படி எதிரொலிக்கும் ஹாலில் பாஸ் கூடினால் வார்த்தை குழைந்துவிடும்.

மூன்றாம்_ஆண்டு | சனி இரவு 8:55

மேம், நான் மாணவன். கேள்விக்குப் பதில் இல்லை இது, என் கதை. ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

திருவண்ணாமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். முதல் நாள் இதேபோல் பெரிய ஹால். வந்த சார் நல்லவர், இன்றும் மரியாதை உண்டு. வணக்கம் சொல்லிவிட்டு, "தமிழ் மீடியத்திலிருந்து வந்தவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, உங்களுக்குத் தனியா கவனிக்கணும்" என்றார். உதவி செய்யத்தான் கேட்டார். நான் எழுந்து நிற்கவில்லை. ஒன்பது பேர் நின்றார்கள். எங்கள் பள்ளியிலிருந்தே நான்கு பேர் சேர்ந்திருந்தோம், அந்த நான்கில் நின்றது ஒருத்தி மட்டும். ஆக அந்த ஒன்பது உண்மையான எண்ணிக்கை இல்லை. அன்றே ஹாஸ்டலில் அவளை "தமிழ் மீடியம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஃபீஸை அரசு கட்டுகிறது என்பதும் சேர்ந்துகொண்டது.

எனக்கு இயற்பியல் தெரியும் மேம். விளிம்பு விளைவில் பன்னிரண்டாம் வகுப்பில் முழு மதிப்பெண். முதல் வாரம் சார் 'டிஃப்ராக்ஷன்' என்று ஒரு மணி நேரம் பேசினார். அது விளிம்பு விளைவு என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. படம் போட்டபோதுதான் தெரிந்தது. யாராவது ஒரு தடவை இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

இளவேனில் | சனி இரவு 9:12

தம்பி, நன்றி. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் யார் என்று நான் கைதூக்கச் சொல்லிக் கேட்பதாகத்தான் இருந்தேன். இனி கேட்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சனி இரவு 9:30

தம்பி சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்துவிட்டது. நானும் கைதூக்கச் சொல்லிக் கேட்டவன்தான்.

சத்தம் போய்ச் சேருகிறதா என்பதைக் கையைத் தூக்கச் சொல்லிச் சோதிக்கலாம், அதில் யாருக்கும் அவமானம் இல்லை. மொழியை அப்படிச் சோதிக்க முடியாது. அதற்கு எல்லோரிடமும் ஒரே தாளைக் கொடுக்க வேண்டும். அரைத்தாள் போதும். "உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும், பள்ளியில் இயற்பியலில் உங்களுக்குப் பிடித்த ஒரு பாடத்தைப் பற்றி இரண்டு வரி, எந்த மொழியிலும் எழுதலாம்" என்று சொல்லுங்கள். எவரும் நிற்க வேண்டாம், எவரும் யாரையும் பார்க்க வேண்டாம். மாலையில் நீங்கள் படித்தால் எத்தனை பேர் எந்த மொழியில் யோசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வடவேங்கடம் | சனி இரவு 10:15

இரண்டு பெயரும் சேர்த்துச் சொல்வது சரி. ஆனால் வணக்கத்தையும் அறிமுகத்தையும் தமிழில் சொல்வதை யோசியுங்கள். சென்னையில் நான் படித்த தனியார் கல்லூரியில் ஆந்திரா, பீகாரிலிருந்து வந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருபது பேர். முதல் வகுப்பில் எல்லோரும் சிரித்தபோது அவர்கள் மட்டும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு ஆங்கிலத்தில்தானே?

மூன்றாம்_ஆண்டு | சனி இரவு 10:29

அண்ணா, அந்த இருபது பேரின் நிலைமைதான் எனக்கும், என் சொந்த ஊரில். அண்ணா பல்கலைக்கழகமே 2010-இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழில் பேசுவது விதிக்கு விரோதம் இல்லை.

வடவேங்கடம் | சனி இரவு 10:36

விரோதம் என்று சொல்லவில்லை தம்பி. அந்த ஹாலில் தெலுங்கு மட்டும் தெரிந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் அவனுக்கும் முதல் நாள்தானே?

தேன்மொழி_உளவியல் | ஞாயிறு காலை 7:50

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கிறது, எனக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த மொழியில் கேட்டாலும், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். தமிழில் கேட்டு மனதுக்குள் ஆங்கிலமாக்கிக்கொள்பவருக்கும், ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழாக்கிக்கொள்பவருக்கும் அந்த இரண்டு நொடி தேவை.

இளவேனில் | திங்கள் இரவு 8:20

வகுப்பு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

உள்ளே போனதும் எழுந்தார்கள். "வணக்கம், குட் மார்னிங், உட்காருங்க" என்றேன். அப்புறம் வாய் திறக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசைக்கு முன்னால் நடுவில் நின்றேன். சத்தம் அடங்க ஐயா சொன்ன கால் நிமிடம் இல்லை, நாற்பது நொடி ஆனது. நின்றுகொண்டிருந்தபோது அது மிக நீளமாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்து நொடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"இது முதலாமாண்டு இயற்பியல் வகுப்பு, பிரிவு ஒன்று முதல் நான்கு வரை" என்றேன். மூன்று பேர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அவர்கள் வேறு துறையாம். பெயரைச் சொல்வதற்கு முன் இதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நடுவில் தெரிந்திருந்தால் எழுந்து போகக் கூச்சப்பட்டிருப்பார்கள்.

பிறகு கடைசி மூன்று வரிசையைக் கைதூக்கச் சொன்னேன். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. வலது பக்கம் எல்லாக் கையும் எழுந்தது. இடது பக்கம் பின்னால் ஏறக்குறைய முப்பது பேர் சும்மா இருந்தார்கள், அதில் சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கினார்கள். நான் "கேக்குதா?" என்று கேட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஆபரேட்டர் சத்தத்தை ஏற்றினார், வலது பக்கம் காதைப் பொத்தினார்கள், இடது பக்கம் அப்படியே இருந்தது. பார்த்தால் இடது பின் பாக்ஸ் வேலையே செய்யவில்லை. சனிக்கிழமை காலி ஹாலில் எதிரொலியே எல்லா மூலைக்கும் போனதால் எனக்கு அது தெரியவில்லை.

அவர் வயரைப் பார்க்கும் வரை நான் இடது பக்க நடைபாதையில் பின்னால் நடந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். நடுவில் வேலை செய்யும் இன்னொரு பாக்ஸுக்கு நேர் கீழே போய்விட்டேன், பெரிய ஊளை. கை தானாக மைக்கைப் பொத்தப் போயிற்று. மாரி அண்ணன் சொன்னது நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். நான்கு நிமிடத்தில் வயர் சரியானது. அந்த நேரத்தில் அரைத்தாள்களை விநியோகிக்கச் சொன்னேன்.

எல்லோருக்கும் கேட்கிறது என்று ஆன பிறகுதான் பெயரைச் சொன்னேன், பலகையில் உள்ளங்கை உயரத்துக்கு எழுதினேன். "இந்தப் பருவத்தில் ஒவ்வொரு சொல்லையும் முதல் தடவை இரண்டு பெயரிலும் சொல்வேன். விளிம்பு விளைவு, டிஃப்ராக்ஷன். அலைநீளம், வேவ்லெங்த்" என்றேன். அப்போது ஹாலின் நடுவில் ஒரு சின்ன சலசலப்பு எழுந்தது. பாடத்துக்குப் போனபோது மணி அடிக்கப் பதினெட்டு நிமிடம்தான் மிச்சம்.

251 தாள் வந்தது. 118 தாள் முழுக்கத் தமிழில். 90 ஆங்கிலத்தில். மீதியில் பெரும்பாலானவை கலந்து எழுதியவை. ஏழு தாள் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது, ஐந்து தெலுங்கு என்று நினைக்கிறேன், இரண்டு இந்தி. வடவேங்கடம் சொன்ன பையன் அங்கே இருக்கிறான். எந்த மொழியிலும் எழுதலாம் என்று நான் சொன்னதை ஆங்கிலத்தில் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதியதை நான் இன்னும் படிக்கவில்லை. இரண்டு பெயர் என்று சொன்னேனே, அவர்களுக்கு அது ஒரு பெயர்தான்.

வடவேங்கடம் | திங்கள் இரவு 8:44

நான் சொன்னதை மனதில் வைத்திருந்ததற்கு நன்றி மேடம். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும், ஆனால் அதை எனக்குக் காட்ட வேண்டாம், உங்களை நம்பி எழுதியது. உங்கள் கல்லூரியிலேயே தெலுங்கு தெரிந்த ஆசிரியர் யாராவது இருப்பார்.

மைக்செட்_மாரி | திங்கள் இரவு 8:50

அந்த வயர் மறுபடியும் விடும் மேடம். திருகிச் செருகியதாக இருந்தால் நாளைக்கே சாலிடர் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

இளவேனில் | திங்கள் இரவு 9:05

சரி அண்ணா. இன்னொரு கேள்வி. துணைக் கலந்தாய்வில் சேர்ந்தவர்கள் பதினைந்து பேர் அடுத்த வாரம் வருகிறார்களாம். அவர்களுக்கு இந்த முதல் நாள் இல்லை. மறுபடியும் முழு ஹாலுக்கும் செய்வதா?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | திங்கள் இரவு 9:22

முழு ஹாலுக்கும் வேண்டாம் அம்மா. முப்பத்தொரு வருடத்தில் நானும் இதைச் சரியாகச் செய்ததில்லை. தாமதமாக வந்தவர்களை வகுப்புக்கு முன் மேடைப் பக்கம் கூப்பிட்டுப் பேசுவேன், அதற்குள் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம்_ஆண்டு | திங்கள் இரவு 9:31

மேடைக்குக் கூப்பிட வேண்டாம் மேம். என் ரூம்மேட் அப்படிச் சேர்ந்தவன். வந்த அன்று காலியாக இருந்த கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்தான், வருடம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டான். அந்தப் பதினைந்து பேருக்கும் நடுவில் இடம் இருக்கும்படி பாருங்கள். அரைத்தாளை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். இடது பக்கப் பின்மூலை மட்டும் வேண்டாம்.